வாய்க்கு ஒரு பெயர், கண்ணுக்கு மூன்று செய்தி

“அண்ணே, கால் கிலோ. பீபெரி பாதி, பிளாண்டேஷன் பாதி. சிக்கரி இருபது போடுங்க. வறுவல் கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்.”

காபிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடைகளில் இப்படித்தான் கேட்பார்கள். பழத்துக்குள் இரண்டு விதை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே உருண்டு விளைந்தால் அது பீபெரி. பழத்தின் தோலை நீக்கி, கழுவிக் காயவைத்த அராபிகா கொட்டை பிளாண்டேஷன். கொட்டையின் தரம், சிக்கரியின் அளவு, வறுவல், எடை எல்லாமே அந்த நான்கு சிறு வாக்கியங்களில் வந்துவிட்டன. பிராண்டு பெயர் மட்டும் வரவில்லை. கடைக்காரர் எதிரிலேயே நிற்பதால் அதற்குத் தேவையும் இல்லை.

அதே தூள் பாக்கெட்டில் ஏறிப் பல்பொருள் அங்காடியின் அலமாரிக்குப் போனதும் நிலைமை மாறிவிடுகிறது. அங்கே கேட்கவும் ஆளில்லை, சொல்லவும் ஆளில்லை. வாடிக்கையாளர் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் பாக்கெட்டின் முகமே பதில் சொல்ல வேண்டும். எப்படி வறுத்தது, எந்த ஊர்க் காபி, எத்தனை கிராம் என்ற மூன்றும் தெரிய வேண்டும் என்று புதிதாகத் தொழில் தொடங்குகிறவர் நினைப்பது சரிதான். அந்த மூன்றையும் பெயருக்குள்ளேயே அடைக்கப் பார்க்கும்போதுதான் தவறு தொடங்குகிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சேலத்தில் ஒருவர் சிறிய வறுக்கும் இயந்திரம் வாங்கியிருக்கிறார். யேற்காட்டுத் தோட்டங்களிலிருந்து அராபிகா கொட்டை கிடைக்கிறது. மீடியம் ரோஸ்ட், டார்க் ரோஸ்ட் என்று இரண்டு வகை. இரண்டிலும் 80 பங்கு காபிக்கு 20 பங்கு சிக்கரி. எடை 50, 200, 500 கிராம். ஆக மொத்தம் ஆறு பாக்கெட்டுகள். முதல் இரவு அவர் தாளில் எழுதும் பெயர் அநேகமாக இப்படி இருக்கும்: “யேற்காடு டிகிரி காபி டார்க் ரோஸ்ட் 80:20”.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு சொல்கூட அவருக்குச் சொந்தமாகாது. 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டத்தில் 9ஆம் பிரிவு, ஒரு பொருளின் வகை, தரம், அளவு, விளைந்த இடம் ஆகியவற்றை மட்டுமே சொல்லும் சொற்களைச் சின்னமாகப் பதிய மறுக்கிறது. டார்க் ரோஸ்ட் என்பது தரம், 80:20 அளவு, யேற்காடு இடம். டிகிரி காபி என்று ஊரில் பாதிக் கடைகள் எழுதி வைத்திருக்கின்றன. நாளைக்குப் பக்கத்துத் தெருவில் இன்னொருவர் “யேற்காடு டார்க் ரோஸ்ட் டிகிரி காபி” என்று பாக்கெட் போட்டால் இவர் தடுக்க முடியாது. ஊர்ப் பெயரின் நிலைக்கு ஒரு பழைய வழக்கே சான்று. “சிம்லா” என்ற பெயரைச் சிகரெட்டுக்குப் பதிய இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் முயன்றது. பதிவாளர் மறுக்க, கல்கத்தா உயர் நீதிமன்றமும் 1977இல் அந்த மறுப்பைச் சரி என்றது. சிம்லாவில் புகையிலை விளைவதில்லை என்ற வாதம் உதவவில்லை. எல்லோரும் அறிந்த ஊரின் பெயரை ஒரு வியாபாரி மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. நெடுங்காலம் விற்று, அந்தச் சொல்லைக் கேட்டாலே மக்களுக்கு இவர் சரக்குதான் நினைவுக்கு வரும் என்று நிரூபித்தால் சட்டம் இறங்கி வரும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

சட்டத்தை விடுவோம். சரக்கின் பக்கமிருந்து பார்த்தாலும் அந்தப் பெயரில் சிக்கல் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை.

காபிக்கொட்டைக்கு அது விளைந்த மண், உயரம், நிழல் மரம் எல்லாவற்றாலும் ஒரு தனி மணமும் புளிப்பும் உண்டு. இளம் வறுவலில் அது தெளிவாகத் தெரியும், நடு வறுவலில் ஓரளவு தெரியும். கொட்டை இரண்டாம் முறை வெடித்து, மேற்பரப்பில் எண்ணெய் மினுங்கும் அளவுக்கு வறுத்துவிட்டால் நாக்கில் தெரிவது வறுவலின் கசப்பும் புகைமணமும்தான். ஊரின் ருசி அடியில் போய்விடும். அதில் சிக்கரியும் பாலும் சர்க்கரையும் சேர்ந்தபின் யேற்காட்டையும் குடகையும் பிரித்துச் சொல்லத் தேர்ந்த சுவைஞரே திணறுவார். ஆக, வறுவலும் ஊரும் ஒன்றையொன்று வளர்க்கும் செய்திகள் அல்ல. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். டார்க் ரோஸ்ட் பாக்கெட்டில் ஊர்ப் பெயரை முழு அகலத்துக்குப் போடுவது, வாங்குகிறவர் டம்ளரில் காண முடியாத ஒன்றை விற்பது. நம் சேலத்துக்காரர் ஊரை மீடியம் ரோஸ்ட் பாக்கெட்டில் சற்று உரக்கச் சொல்லலாம். டார்க்கில் பின்பக்கத்தில் ஒரு வரி போதும்.

ஊர் என்றும் பொதுவாகச் சொல்லிவிட்டோம். காபியில் இரண்டு விதமான ஊர்கள் இருக்கின்றன. யேற்காடு, குடகு, சிக்கமகளூரு, வயநாடு, அரக்கு இவையெல்லாம் கொட்டை விளையும் ஊர்கள். கும்பகோணமும் மயிலாப்பூரும் காபி குடிக்கும் ஊர்கள். அங்கே காபிச் செடியைப் பார்க்க முடியாது. கும்பகோணம் என்று பாக்கெட்டில் பார்த்தால் தமிழர் யாரும் காவிரிக் கரையில் காபித் தோட்டம் இருப்பதாக நினைக்கப் போவதில்லை. கெட்டியான முதல் டிகாக்ஷன், தண்ணீர் கலக்காத பால், பித்தளை டபரா என்ற ஒரு குடிக்கும் முறைதான் நினைவுக்கு வரும். ஆகவே அது பொய்யில்லை. வடக்கே டெல்லியிலோ மும்பையிலோ அதே பாக்கெட்டை எடுக்கிறவர் அதை விளையும் ஊராக எண்ணிக்கொள்ளலாம். அங்கே விற்க நினைப்பவர், கொட்டை எங்கே விளைந்தது என்பதைத் தனி வரியாகச் சொல்லிவிடுவது நல்லது.

விளையும் ஊர்களில் சிலவற்றைச் சொல்லவே தனி அனுமதி வேண்டும். கூர்க் அராபிகா, சிக்கமகளூரு அராபிகா, பாபாபுதன்கிரி அராபிகா, வயநாடு ரோபஸ்டா, அரக்கு பள்ளத்தாக்கு அராபிகா ஆகிய ஐந்துக்கும் 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மழைக்காற்றில் ஊறவைத்துப் பதப்படுத்தும் மான்சூன்ட் மலபார் காபிக்கு அதற்கும் முன்பே கிடைத்துவிட்டது. அந்தப் பெயர்களைத் தன் பிராண்டாக யாரும் பதிந்துகொள்ள முடியாது. அந்தக் குறியீட்டோடு விற்க வேண்டுமானால் கொட்டை அந்த எல்லைக்குள் விளைந்திருக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகவும் பதிந்திருக்க வேண்டும். யேற்காடு அந்தப் பட்டியலில் இல்லை என்பதால் நம்மவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவருக்கு வேறொரு தொல்லை காத்திருக்கிறது. ஒரு வருடம் பூ பூக்கும் நேரத்தில் மழை பொய்த்து விளைச்சல் குறைந்தால் குடகிலிருந்து நாலு மூட்டை வாங்கிக் கலக்க வேண்டிவரும். அச்சடித்த பாக்கெட்டில் யேற்காடு என்றே பெயர் இருந்தால் அந்த நாலு மூட்டை பாக்கெட் முழுவதையும் பொய்யாக்கிவிடும். ஊர் பின்பக்கத்து வரியாக இருந்தால் அந்த வரியை மாற்றினால் போதும்.

அப்படியானால் பெயரில் ஊரே வரக்கூடாதா? வரலாம், நேரடியாக வரக்கூடாது. ஊரைச் சொல்லாமல் ஊரை உணர்த்தும் ஒரு பொருளைப் பிடிக்க வேண்டும். யேற்காட்டுக்கு அப்படி என்ன இருக்கிறது? மலையின் பெயர் சேர்வராயன். அது உச்சியில் கோயில் கொண்ட தெய்வத்தின் பெயரும்கூட. தெய்வப் பெயரும் மலைப் பெயரும் எல்லோருக்கும் பொது என்பதால் அங்கேயும் அதே வேலிதான். சில்வர் ஓக் மரமும் அதில் ஏறும் மிளகுக் கொடியும் எல்லா மலைத் தோட்டங்களிலும் உண்டு. ஆனால் சேலத்திலிருந்து மேலே ஏறும் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகள் அந்த ஊருக்குப் போனவர் யாருக்கும் மறக்காது.

“கொண்டை ஊசி காபி” என்றால் சட்டென்று மனதில் நிற்கும். ஆனால் சாப்பிடும் பொருளின் பெயரில் ‘ஊசி’ என்ற ஒலி வந்தால் ஊசிப்போன பண்டம்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். கேலி செய்வதற்கென்றே ஒரு மாமா எல்லா வீட்டிலும் இருப்பார். “20ஆம் வளைவு” கேட்க அழகு. ஆனால் அதே பாக்கெட்டில் 80:20 இருக்கிறது, 200 கிராமும் இருக்கிறது. எண்கள் ஏற்கெனவே நெரிசலாக இருக்கும் இடத்தில் பெயரும் எண்ணாக வந்தால் சிக்கரி எத்தனை சதவீதம், வளைவு எத்தனையாவது என்று கண் தடுமாறும். “கடைசி வளைவு” என்றால் வாய்ச்சொல்லில் “கடைசி காபி” ஆகிவிடும். காலை ஆறு மணிக்கு யாரும் அப்படிக் கேட்க விரும்ப மாட்டார்கள். இப்படித் தள்ளித் தள்ளி ‘பனிவளைவு’ என்று ஒன்றில் நிற்கலாம். ஐந்தே எழுத்து, ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். குளிரும் மலைச்சாலையும் தெரிகின்றன. ஊரின் பெயர் இல்லை. குடகுக் கொட்டை நாலு மூட்டை கலந்தாலும் பெயர் பொய்யாகாது. எடுத்துக்காட்டுக்காகக் கோத்த பெயர்தான் இது. யாராவது முன்பே பதிந்திருக்கிறார்களா என்று வணிகச் சின்னப் பதிவேட்டில் 30ஆம் வகுப்பில் தேடிப் பார்க்காமல் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காபி, தேநீர், மசாலாவெல்லாம் அந்த வகுப்பில்தான் வருகின்றன.

அடுத்தது வறுவல். இதற்குத் தூய தமிழ்ப் பெயர் வைக்க வேண்டும் என்ற ஆசை நல்லதுதான். ஆனால் காபியில் அது சறுக்குகிறது. வறுவல் என்று பெரிதாக எழுதினால் கோழி வறுவலும் உருளைக்கிழங்கு வறுவலும் கண்ணில் வருகின்றன. கரிய வறுப்பைச் சுருக்கி ‘கருவறுப்பு’ என்றால், வேரோடு அழிப்பது என்ற பொருள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கடையில் எல்லோரும் சொல்வது மீடியம் ரோஸ்ட், டார்க் ரோஸ்ட் என்றுதான். அதையே தமிழ் எழுத்தில் எழுதுவதில் குறைவொன்றும் இல்லை.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எவ்வளவு வறுத்தால் டார்க் என்பதற்குக் கடைகளுக்கிடையே பொது அளவு கிடையாது. ஒருவரின் மீடியம் இன்னொருவரின் டார்க். பெரிய ஆலைகளில் வறுத்த தூளின் நிறத்தைக் கருவியில் அளந்து எண்ணாகக் குறித்துக்கொள்வார்கள். சிறிய கடையில், முதல் நல்ல வறுவலில் ஒரு பிடித் தூளைக் காற்றுப் புகாத கண்ணாடிக் குப்பியில் போட்டு இருட்டில் வைத்து, ஒவ்வொரு வறுவலையும் பகல் வெளிச்சத்தில் அதோடு ஒப்பிட்டாலே பெரும்பாலும் சமாளிக்கலாம். சிக்கரி கலப்பதற்கு முன்பே ஒப்பிட வேண்டும் என்பது முக்கியம். சிக்கரி தூளையும் டிகாக்ஷனையும் கருப்பாக்கிவிடும். வாடிக்கையாளர் ஏமாறுவதும் இங்கேதான். 60:40 மீடியம் ரோஸ்ட்டின் டிகாக்ஷன், 80:20 டார்க் ரோஸ்ட்டைவிடக் கெட்டியாகவும் கருப்பாகவும் இறங்கலாம். குடித்துவிட்டு “நல்ல ஸ்ட்ராங்” என்பார்கள். அந்த ஸ்ட்ராங் சிக்கரியின் வேலை, வறுவலின் வேலை அல்ல. ‘ஸ்ட்ராங்’, ‘கெட்டி’ போன்ற சொற்களை வறுவலின் பெயராக வைக்காமல் இருப்பதுதான் நேர்மை. சிக்கரி எவ்வளவு என்பதை எப்படியும் மறைக்க முடியாது. கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதும், காபி இத்தனை, சிக்கரி இத்தனை என்று சதவீதத்தில் எழுத வேண்டும் என்பதும் உணவுப் பாதுகாப்பு விதி.

மூன்றாவது எடை. இதைப் பெரும்பாலோர் அச்சக விவகாரம் என்று நினைத்து வடிவமைப்பாளரிடம் விட்டுவிடுகிறார்கள். ஃபில்டர் காபியில் எடை சரக்கின் குணத்தோடு சேர்ந்தது. அரைத்த தூளின் மணம் பாக்கெட்டைப் பிரித்த நாளிலிருந்தே இறங்கத் தொடங்கிவிடும். டம்ளருக்குச் சுமார் 10 கிராம் தூள் என்று வைத்தால், காலையும் மாலையும் குடிக்கும் இருவர் வீட்டில் ஒரு நாளைக்கு 40 கிராம் செலவாகும். 200 கிராம் பாக்கெட் ஐந்து நாளில் தீரும், மணம் குறைவதற்குள் டப்பா காலியாகிவிடும். அதே வீட்டில் 500 கிராம் பாக்கெட் பன்னிரண்டு நாள் கிடக்கும். கடைசி மூன்று நாள் காபி நன்றாக இல்லை என்று பிராண்டைத்தான் திட்டுவார்கள். ஆகவே 500 கிராம் பாக்கெட்டின் பின்பக்கம் “நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு” என்று ஒரு வரி எழுதலாம். அந்த வரி பெயராக மாறிவிடக் கூடாது. ‘ஃபேமிலி பேக்’ என்று மட்டும் பெரிதாகப் போட்டு 500 கிராமை ஓரத்தில் ஒதுக்கினால் வாங்குகிறவர் எரிச்சலடைவார். நிகர எடையைச் சொல்லுமிடத்தில் ‘சுமார்’, ‘குறைந்தது’ போன்ற சொற்களுக்குச் சட்ட அளவையியல் விதிகளில் இடமில்லை. முன்பு காபித்தூளை இன்னின்ன எடைகளில்தான் கட்டி விற்க வேண்டும் என்று ஒரு பட்டியல் இருந்தது. 2022இல் அது நீக்கப்பட்டது. அதற்குப் பதில், ஒரு கிராம் என்ன விலை என்பதையும் பாக்கெட்டில் எழுதியாக வேண்டும். 190 கிராம் பாக்கெட்டை 200 போலக் காட்டுகிறவர்களை இப்போது அந்த ஓர் எண் காட்டிக்கொடுக்கிறது.

இனி மூன்றையும் எங்கே வைப்பது? என் கணக்கு இது. வாய் சொல்ல வேண்டியது பெயர்: பனிவளைவு. அது ஆறு பாக்கெட்டிலும் ஒரே எழுத்தில், ஒரே இடத்தில் இருக்கும். வறுவலைக் கண் முதலில் நிறத்தில் பிடிக்கும்: மீடியத்துக்குச் செம்பு நிறம், டார்க்குக்குக் கரும்பழுப்பு. நிறத்தின்மேல் ரோஸ்ட்டின் பெயர், பனிவளைவுக்கு அடுத்த அளவு எழுத்தில் வரும். எடை எப்போதும் கீழே வலது மூலையில், வெள்ளைப் பட்டையில் எண்ணாக இருக்கும். எடைக்கு நிறத்தை ஒதுக்கவே கூடாது. 200 கிராம் பச்சை, 500 கிராம் சிவப்பு என்று ஒரு கணக்கும், மீடியம் செம்பு, டார்க் பழுப்பு என்று இன்னொரு கணக்கும் ஒரே அலமாரியில் மோதினால், மாலை நெரிசலில் கடைப் பையன் பச்சையை மட்டும் பார்த்து மீடியத்துக்குப் பதில் டார்க்கை எடுத்துக் கொடுப்பான். ‘ஃபில்டர்’ என்ற சொல் பெயருக்கு நேர் கீழே முகப்பிலேயே வேண்டும். அதைச் சிறிதாகப் போட்டதால், இன்ஸ்டன்ட் என்று நினைத்து வெந்நீரில் போட்டுக் கலக்கி, கரையவில்லை என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் இன்றும் உண்டு.

இந்த ஏற்பாடு சரியா என்று பார்க்க, 50 கிராம் பாக்கெட்டை முதலில் வரைய வேண்டும். பெரும்பாலோர் 500 கிராம் பையை அழகாக வரைந்துவிட்டுச் சிறிதாக்குகிறார்கள். உள்ளங்கை அளவு முகப்பில் ‘கும்பகோணம்’ போன்ற அகலமான தமிழ்ச் சொல் ஒரே வரியில் அடங்க, எழுத்தைச் சுருக்கிச் சுருக்கி எறும்பாக்க வேண்டியிருக்கும். பனிவளைவு அங்கே இரண்டு வரியாக உடையாமல் நிற்கிறதா, டார்க் ரோஸ்ட் என்பது ஆறடி தள்ளி நின்றால் தெரிகிறதா என்று பார்த்துவிட்டால், பெரிய பாக்கெட்டுகள் தாமாக அமைந்துவிடும்.

இன்னொரு சோதனையைக் கடையின் பில் இயந்திரத்தில் செய்யலாம். தெருமுனைக் கடைகளில் இருக்கும் சிறிய, 58 மில்லிமீட்டர் காகித இயந்திரம் ஒரு வரிக்கு 32 எழுத்துதான் அடிக்கும். எண்ணிக்கை, விலை, மொத்தம் போகப் பொருளின் பெயருக்குக் கிடைப்பது ஏறத்தாழ பாதி. சரக்கை `PANIVALAIVU FILTER COFFEE DARK ROAST 200 G` என்று பதிந்தால், பில்லில் `PANIVALAIVU FILT` என்று அறுந்து நிற்கும். ஆறு பாக்கெட்டும் பில்லில் ஒரே பெயராகிவிடும். எது விற்றது, எது மிஞ்சியது என்று கடைக்காரருக்கும் தெரியாது, மறு ஆர்டர் எடுக்க வரும் இவருக்கும் தெரியாது. `PANI DARK 200` என்று சரக்குப் பெயரை இவரே எழுதிக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. தொலைபேசியில் ஆர்டர் சொல்லவும் அதே மூன்று சொல்: பனி, டார்க், இருநூறு.

பெயரைப் பதிய இணையத்தில் விண்ணப்பித்தால் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. பதிவு பத்து ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். விண்ணப்பம் வணிகச் சின்ன இதழில் வெளியானபின் நான்கு மாதம் வரை யாரும் ஆட்சேபிக்கலாம். பாக்கெட் பிலிம் அச்சடிக்க ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு உருளை செய்ய வேண்டும், அந்தச் செலவு திரும்பி வராது. அதனால் அந்த நான்கு மாதம் கழியும்வரை அச்சில்லாத பவுச்சில் ஸ்டிக்கர் ஒட்டியே விற்கப் பாருங்கள்.